மெல்லும் மாத்திரையை நிறுத்திய ஆண்டு

கருவூலத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பில் பார்த்தவன் நான். ஆட்சேபம் தீர்ந்தால் கோப்பை மூடிவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் என் வயிற்றுக் கோப்பையும் மூடினேன்.

ஓய்வுபெற்ற கையோடு, உடல் பருமனுக்கும் சர்க்கரைக்குமாக மதுரையில் வயிற்றில் பைபாஸ் அறுவை செய்துகொண்டேன். இரைப்பையில் முட்டையளவு பையை மட்டும் விட்டு, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டிக் கீழே இணைத்துவிட்டார்கள். சாப்பாட்டிலிருந்து சத்து இனி முழுதாகச் சேராது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும் தனியாக எடுக்க வேண்டும் என்றார் உணவு ஆலோசகர். பெரிய மாத்திரை அந்தச் சின்னப் பையில் சிக்கலாம், கரைக்க அமிலமும் குறைவு. அதனால் மெல்லுகிற மாத்திரை, அல்லது டானிக். கால்சியத்துக்கும் இரும்புக்கும் நடுவே இரண்டு மணி நேரம். இரும்போடு டீ கூடாது. எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டேன்.

அருப்புக்கோட்டை மருந்துக்கடையில் மெல்லும் மாத்திரை சில வாரம் வராது. "அது சின்னப் பிள்ளைகளுக்குள்ளதுல்ல அண்ணாச்சி? இதை முழுங்கிருங்க" என்று கடைக்காரர் புளியங்கொட்டையைவிடப் பெரிய ஒன்றை நீட்டினார். ஒரே ஒருமுறை விழுங்கினேன். மாலைவரை நெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் ஆண்டு ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. டப்பாக்களைப் பரணில் ஏற்றினேன்.

"டாக்டர் நிறுத்தச் சொன்னாகளா?" என்றாள் மனைவி.

"ரிப்போர்ட்டே சொல்லுதே."

"ரிப்போர்ட்டு பேசுமாக்கும்."

ஓராண்டு கழித்து, திருச்சுழி பேருந்து நிலையத்தில் பஸ்ஸைப் பிடிக்க நடந்துகொண்டிருந்தேன். பூ விற்கிற அம்மா கூப்பிட்டாள். "அய்யா, ஒங்க செருப்பு அந்தா கெடக்கு." திரும்பிப் பார்த்தேன். பத்தடி பின்னால் கிடந்தது. வெயிலில் கொதிக்கிற தார்மேல் என் இடது கால் வெறுங்காலாக நின்றது. சூடு தெரியவில்லை.

மறுநாளே மதுரை. பி12 அடிமட்டத்தில் இருந்தது; அது குறைந்ததில் இரண்டு கால் நரம்பும் மரத்துப்போயிருந்தது.

"மாத்திரை சாப்பிட்டதாலதான் சார் அன்னைக்கு ரிப்போர்ட் நார்மலா வந்துச்சு" என்றார் மருத்துவர். பில் பார்த்தவனுக்கு இது புரியாமல் போனது எப்படி என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன்.

"உணர்ச்சி திரும்புமா?"

"ஊசி போடுவோம். எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

"மாத்திரை எத்தனை நாளைக்கு?"

அவர் சீட்டில் ‘ஆயுளுக்கும்’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

ஓய்வூதியக்காரன் ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடிருப்பதாகச் சான்று தந்தால் போதும். எனக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை. ஊருக்குப் போனாலும் கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் செல்போன் அலாரம் அடிக்கும். எலுமிச்சை வாசத்தில் கால்சியச் சுண்ணாம்பை மெல்லுவேன். டீக்கடையில் நண்பர்கள் டம்ளரைத் தூக்கும்போது, இரும்பு உள்ளே போய் எவ்வளவு நேரமாயிற்று என்று கடிகாரம் பார்ப்பேன். இதில் விடுப்பு விதி கிடையாது.

மனைவி பின்வார் வைத்த செருப்பு வாங்கித் தந்திருக்கிறாள். வலது கால் கொஞ்சம் தேறியிருக்கிறது. இடது காலில் செருப்பு இருக்கிறதா என்று இன்னும் குனிந்து பார்த்துத்தான் நடக்கிறேன்.