பத்து முகவரி வைத்த மருமகன்

லண்டனில் மிச்சம் என்ற ஊரில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு, என் சின்ன மகளுக்குப் பேசியிருந்த கனடா மாப்பிள்ளை அவளோடு கணினியில் முகம் பார்த்துப் பேசுவதாக இருந்தது. அதற்கென்றே வாங்கிய லாப்டாப் வீட்டு இன்டர்நெட்டில் சேர மறுத்தது. பாஸ்வேர்ட் சரிதான். மகள் அழுவதற்கு ஆயத்தமானாள்.

மூத்த மருமகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. தன் கணினியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இன்டர்நெட்டில் சேர அது எந்தச் சாதனத்துக்கு எந்த முகவரி கொடுத்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தார்.

"மாமி, இந்த ரவுட்டர் பத்து முகவரிதான் குடுக்கும். பத்தும் முடிஞ்சுது. முக்கால்வாசி நேற்றுப் பிறந்தநாளுக்கு வந்த ஆக்களின்ர போன்."

"அவை சாப்பிட்டிட்டுப் போட்டினமே, தம்பி."

"போனாலும் ஒரு கிழமைக்கு முகவரி அவையின்ர பேரிலதான் கிடக்கும்."

"வீட்டை கொண்டுபோய்ச் சாப்பிட ரோல்ஸ் கட்டிக் குடுத்தது காணாதெண்டு முகவரியையும் கொண்டு போட்டினமோ?"

"ஆர் எல்லாருக்கும் பாஸ்வேர்ட் குடுத்தது?"

"வந்த சனத்துக்குத் தேத்தண்ணியும் பாஸ்வேர்டும் குடுக்கிறதுதானே மரியாதை. பத்துக் காணும் எண்டு வைச்சது ஆர்?"

மருமகன் மூக்கைச் சொறிந்தார். "நான்தான். சனம் கூடினா ஸ்லோவாகும் எண்டு."

"அத்தான், ஐஞ்சாகப் போகுது!" என்று மகள் கத்தினாள்.

அவர் பத்தை நூறாக்கிச் சேமித்தார். ரவுட்டரின் விளக்குகள் அணைந்து மறுபடி எரிந்தன. லாப்டாப்புக்கு முகவரி கிடைத்தது. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் முகமும் வந்தது.

"தம்பி, இனி நூறு பேரைக் கூப்பிடலாம், என்ன?" என்றேன்.

மகள் திரும்பி முறைத்தாள். மாப்பிள்ளைக்குக் கேட்டுவிட்டது. "அன்ரி, கலியாணத்துக்கு நூறு காணாது" என்றார்.