குழிக்குப் போகாத இரைப்பை

சாந்தோம் பக்கத்தில் எங்கள் மாதா கோயில் திருவிழா விருந்துக்கு ஒவ்வொரு வருடமும் பெண்கள்தான் சமைத்தோம், பெண்கள்தான் கடைசியில் சாப்பிட்டோம். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் ஒன்றில் நான் கேட்டேன். கேட்டது தப்பு என்று பலர் சொன்னார்கள். நான் இன்றுவரை அப்படி நினைக்கவில்லை.

அதற்கு முந்தின வருடத்துத் திருவிழாவில் பட்டினப்பாக்கத்து மீன்காரப் பெண் ஒருத்தி அடுப்படியில் மயங்கி விழுந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி. விடியற்காலைப் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வேண்டும் என்றால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். பூசை முடிந்ததும் நேராகக் கோயில் பின்கட்டுக்கு வந்து கோழி உரிக்க உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு வாய் கடுங்காப்பி, அவ்வளவுதான். ஆண்களும் விருந்தாளிகளும் சாப்பிட்டு எழுந்து, எங்கள் இலைக்குச் சோறு வரும்போது வெயில் சாய்ந்திருக்கும். அதில் குழம்பு இருக்கும், கறி இருக்காது. முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியபோது அவள் என்னைத்தான் சமாதானப்படுத்தினாள். "எனுக்கு ஒன்னியும் இல்லக்கா. காத்தாலேர்ந்து வெறும் வயிறு கீது, அதான்."

விருந்துக்குப் பொறுப்பு என் சித்தப்பா. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய்ச் சொன்னேன். வீட்டிலேயே எதையாவது சாப்பிட்டுவிட்டு வரவேண்டியதுதானே என்றார். நன்மை வாங்கியவள் எப்படி சாப்பிட்டுவிட்டு வருவாள் என்று கேட்டதும் பந்தல்காரனைக் கூப்பிடப் போய்விட்டார்.

அடுத்த வருடம் சித்தப்பா ஒரு புதுக் கட்டளை போட்டார். யாரோ ஒரு பெரிய மனிதரின் தட்டில் போன தடவை கோழிக்கால் ஒன்று நகத்தோடு வந்துவிட்டதாம். அதனால் இனிமேல் ஈரலை மட்டும் தனியாக எடுத்துச் சாமியார்களுக்கு வறுக்க வேண்டும். கால், இதயம், இரைப்பை எல்லாம் இறகோடும் குடலோடும் சேர்த்துக் குழியில் போட வேண்டும். கொல்லையில் ஆழமாகக் குழியும் வெட்டி வைத்துவிட்டார்.

என் நாத்தனார் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவள், என்னைவிடச் சின்னவள், என் கூடவே இருந்தாள். இந்தக் கட்டளையை அவளிடம் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

"அண்ணி, இவங்கள்ல பாதிப் பேருக்குக் கீழ் இமைய இழுத்துப் பாருங்க, வெளுத்துக் கிடக்கு. ரத்தத்துக்கு வேண்டிய இரும்பு அந்த இரைப்பைலயும் இதயத்துலயும் இருக்கு. அதக் குழியில போடச் சொல்றாரு உங்க சித்தப்பா."

அப்போதுதான் தீர்மானித்தேன். திருவிழா அன்று பூசைக்குப் போகும்போதே வீட்டிலிருந்த பெரிய சட்டிகள் இரண்டையும், ஒரு வாணலியையும், மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் கூடையில் எடுத்துக்கொண்டேன். ஒளிக்கவில்லை. ரேஷன் அரிசியில் எங்கள் பங்கையும் தனியாக முடிந்து வைத்தேன். என் கணவர் பார்த்துவிட்டு, வம்பு வேண்டாமே என்றார். வம்பு இல்லை, சாப்பாடுதான் என்றேன்.

பின்கட்டில் கோழிகள் ஜோடி ஜோடியாகக் காலைக் கட்டிக் கிடந்தன. எல்லாம் நாட்டுக் கோழி, மண்ணைக் கிளறித் தின்று வளர்ந்தவை. பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். போன வருடம் மயங்கி விழுந்தவள் இடுப்பில் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, அரிவாள்மனையை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யாரும் தயங்கவில்லை.

இரைப்பை என்பது கோழி விழுங்கிய கல்லையும் மணலையும் வைத்துக்கொண்டு தீனியை அரைக்கும் கெட்டிச் சதை. ஓரமாகக் கீறிப் புத்தகம் போலத் திறந்தால் உள்ளே அரைத்த நெல்லும் சரளைக்கல்லும் பச்சையாக இருக்கும். அதைத் தட்டி, கழுவி எடுத்தால் மஞ்சளாக, சுருக்கம் விழுந்து, தோல் செருப்பின் உள்பக்கம் மாதிரி ஒரு படலம் தெரியும். ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பி இழுத்தால் முழுசாக உரிந்து வந்துவிடும். அதை விட்டுவிட்டால் எவ்வளவு வேகவைத்தாலும் மெல்ல முடியாது, கசப்பும் ஒட்டும். ஈரலிலிருந்து பிரிக்கும்போது பித்தப்பை உடையாமல் பார்க்க வேண்டும். ஒருத்தி அவசரத்தில் உடைத்துவிட்டாள். பச்சை நீர் பட்ட துண்டுகளை மட்டும் நானே குழியில் போட்டேன்.

இதயத்தின் மேல்பக்கத்துக் குழாய்களையும் கொழுப்பையும் அரிந்துவிட்டு, பாதியாகக் கீறி, உள்ளே உறைந்திருந்த ரத்தத்தைக் கட்டை விரலால் பிதுக்கி அலசினோம். கால்தான் பொறுமை கேட்கும் வேலை. கொதித்த தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் மஞ்சள் செதில்தோல் காலுறை போலக் கழன்று வரும். அதிகம் ஊறினால் உள்தோலும் வெந்து ஒட்டிக்கொண்டு பிய்ந்து போகும். நகத்தை முதல் கணுவோடு வெட்டி எறிந்து, அடிப்பாதத்தில் கருத்துக் காய்த்திருந்த இடத்தைச் சுரண்டி, மூன்றையும் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளியும் வரை கழுவினோம்.

விருந்துக் குழம்பு ஒரு பக்கம் கொதிக்க, நான் ஒதுக்குப்புறமாகச் செங்கல் அடுக்கி இரண்டு அடுப்பு மூட்டினேன். ஒன்றில் கால்கள், தட்டிய மிளகு, சீரகம், பூண்டு, நிறையத் தண்ணீர். இன்னொன்றில் இரைப்பை. நாள் முழுக்க உழைக்கிற சதை அது. சவுக்கு விறகை முழுசாக எரியவிட்டால் ரப்பராகிவிடும். மஞ்சள், இஞ்சி, உப்பு போட்டு, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்துத் தணலில் மூடிவைத்தேன். தண்ணீர் குறையக் குறையச் சுடுநீர்தான் ஊற்ற வேண்டும். இதயம் சீக்கிரம் வெந்துவிடும், அதனால் இரைப்பை பாதி வெந்த பிறகே அதைச் சேர்த்தேன். இரைப்பையைக் குச்சியால் குத்தினால் தடையில்லாமல் இறங்கும் வரை காத்திருந்தோம். பிறகுதான் வாணலியில் நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மிளகுத்தூள். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே ஊற்றிச் சுண்டவிட்டுப் பிரட்டினேன். கால் சட்டியைத் திறந்தபோது எலும்பிலிருந்து தோல் தானாக வழுகியது. கரண்டியில் எடுத்த ரசம் விரலில் ஒட்டியது.

கோயிலில் ஆண்களும் விருந்தாளிகளும் வந்திருந்த பெரிய பூசையில் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. விருந்துச் சமையலும் முடிந்து மூடி வைத்தாகிவிட்டது. காலியான அடுப்பில் நான் கொண்டுவந்த ரேஷன் அரிசியை வடித்து, புங்கமரத்து நிழலில் இலை போட்டேன். பெண்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தைக்காரிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் பரிமாறினேன். சாப்பிடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்படி ஒரு பசி.

பூசை முடிந்த மணி அடித்ததும் சித்தப்பா வந்தார். வரிசையாக இலைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"விருந்தாளிங்க இன்னும் உக்காரல. அதுக்குள்ள பொம்பளைங்க பந்தியா?"

பாதிப் பேர் எழுந்திருக்கப் போனார்கள். உட்காரச் சொன்னேன். என் கையில் கரண்டி இருந்தது, அதைக் கீழே வைக்கவில்லை.

"உங்க பானைங்க மூடினபடியே இருக்கு, சித்தப்பா. ஒரு துண்டு தொடல. நீங்க புதைக்கச் சொன்னதத்தான் சாப்பிடுறோம்."

"எந்திரிச்சு வந்து பரிமாறச் சொல்லு."

"சாப்பிட்டு வருவோம். அவசரம்னா நீங்க பரிமாறிக்கங்க."

அவர் முகம் சிவந்தது. கழிவைத் தின்று கோயிலை அசிங்கப்படுத்துவதாகச் சொன்னார். அதற்கு என் நாத்தனார் இலையிலிருந்து தலையைத் தூக்கி, அது கழிவு இல்லை, உங்கள் குழம்பில் இருக்கிற தொடை மாதிரியே கறிதான், சுத்தம் பண்ணத் தெரியாதவர்களுக்குத்தான் கழிவு என்று அதே இறங்கிய குரலில் சொன்னாள். மீன்காரப் பெண் இன்னும் கொஞ்சம் இரைப்பை வேண்டும் என்று இலையைக் காட்டினாள். நான் சித்தப்பாவின் முன்னாலேயே அள்ளி வைத்தேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

அன்றைக்கு முதல் பந்திக்கு ஆண்களே பரிமாறினார்கள். நெய்ச்சோறு ஒரு பக்கம் குவிந்தது, குழம்பு இன்னொரு பக்கம் ஓடியது. நாங்கள் கை கழுவிவிட்டு நிதானமாகப் போய் இரண்டாம் பந்தியை எடுத்துக்கொண்டோம்.

சித்தப்பா சாமியாரிடம் புகார் சொன்னார். சாமியார் என் கணவரைக் கூப்பிட்டு விசாரித்தார். என் கணவர் வீட்டுக்கு வந்து, உன்னிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னேன் என்றார். சாமியார் என்னைக் கேட்கவே இல்லை. ஆனால் அடுத்த திருவிழாச் சமையலுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்று கமிட்டியில் முடிவானது. சித்தப்பா வீட்டுப் பேச்சுவார்த்தையும் நின்றது.

என் நாத்தனார் வேறொரு காரியம் செய்தாள். ஒரு வேளைச் சாப்பாட்டில் ரத்தம் ஊறாது என்று அன்றைக்கே எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். கால் ரசம் தொண்டைக்கு இதமாக இருக்கும், காய்ச்சல்காரருக்கு இறங்கும், ஆனால் அதை மட்டும் குடித்தால் ரத்தமும் ஊறாது, உடம்பும் தேறாது. இரைப்பை, இதயம், கிடைத்தால் ஈரல், கூடவே முருங்கைக்கீரை என்று வாராவாரம் சாப்பிட வேண்டும் என்றாள். பட்டினப்பாக்கத்தில் வீடு வீடாகப் போனாள். கோழி அடித்தால் அதெல்லாம் வீட்டு ஆண்பிள்ளைக்கு என்று எடுத்து வைக்கும் வழக்கத்தை விடச் சொன்னாள். சில வீடுகளில் திட்டு வாங்கினாள். மறுபடியும் போனாள். மீன்காரப் பெண் தன் வீட்டில் புருஷனுக்கும் தனக்கும் சரிபாதியாக வைப்பதாகவும், அவன் முதலில் முறைத்து இப்போது பழகிவிட்டதாகவும் என்னிடம் வந்து சொன்னாள்.

அடுத்த திருவிழாவில் பின்கட்டுக்கு ஒரு பெண்ணும் போகவில்லை. நான் யாரையும் தடுக்கவில்லை. பூசை முடிந்து எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். கோழிகள் கட்டியபடி கத்திக்கொண்டிருந்தன. கமிட்டிக்காரர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, நீங்கள் வந்தால்தான் மற்றவர்கள் வருவார்களாம் என்றார். பெண்கள் பந்தி முதலில், அதுவும் எங்கள் பங்கு கறியோடு என்றேன். சித்தப்பாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர், சீக்கிரமே திரும்பி வந்து சரி என்றார்.

அன்றைக்கும் இரைப்பை, இதயம், கால் மூன்றையும் தனியாகத்தான் சமைத்தேன். மிளகு வாசனை பிடித்துக்கொண்டு இரண்டு பெரிய மனிதர்கள் தட்டோடு அடுப்பருகே வந்தார்கள். அது ஆண்கள் பந்திக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டு, சட்டியை மூடி, அதன் மேல் கரண்டியை வைத்தேன்.