ஆறு விழுந்தால் பிள்ளையாருக்கு

புள்ளியியல் இளநிலை மூன்றாம் ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு எங்கள் துறையில் ஐந்து வினாத்தாள்கள் தயாரிப்பார்கள். மாணவர்கள் முப்பது பேர். யாருக்கு எந்தத் தாள் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதுதான் பழைய வழக்கம். அந்த ஆண்டு சீட்டில் யாரோ மூலையை மடித்து அடையாளம் வைத்துவிட்டார்கள் என்று புகார் வந்தது. அதனால் எங்கள் துறைத் தலைவர் ஒரு பகடையைக் கொண்டுவந்தார். அவர் பேரன் விளையாடும் லூடோ பெட்டியில் இருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக், சிவப்புப் புள்ளிகள்.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு வகுப்பில் அதை விரலிடுக்கில் பிடித்துக் காட்டினார். ஒருவர் ஒரு முறை போட வேண்டும். விழுந்த எண்தான் தாளின் எண். பின்வரிசையில் இருந்து ஒருவன் கேட்டான்.

"சார், தாளு அஞ்சுதான இருக்கு. ஆறு விழுந்தா?"

அவர் அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. ஆனால் முப்பது ஆண்டு வாத்தியார் வேலை பார்த்தவருக்கு யோசிக்காமல் பதில் சொல்லப் பழகியிருந்தது.

"ஆறுன்னா மிச்சம். மிச்சம் யாருக்குடா? பிள்ளையாருக்கு. ஒண்ணாம் நம்பர் தாள எடுத்துக்க."

வகுப்பு சிரித்தது. எங்கள் பக்கத்தில் மாங்காயோ தேங்காயோ பங்கு பிரித்து ஒன்று மிஞ்சினால் பிள்ளையாருக்கு என்று தனியே எடுத்து வைப்பார்கள். பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை மறுத்துப் பேச யாருக்கு மனம் வரும்?

எனக்கு வந்தது. நான் எழுந்து நின்றேன்.

"சார், அப்படிச் செஞ்சா ஒண்ணாம் தாளுக்கு ரெண்டு முகம் ஆயிரும். ஒண்ணு விழுந்தாலும் அதுதான், ஆறு விழுந்தாலும் அதுதான். ஆறுல ரெண்டு பங்கு. மத்த தாளுக்கெல்லாம் ஆறுல ஒரு பங்குதான். ஆறு விழுந்தா கணக்குல சேக்காம மறுபடி போடச் சொல்லுங்க சார்."

"மறுபடி போட்டா அவனுக்கு ரெண்டு வாய்ப்பு. மத்தவனுக்கு ஒண்ணு. அது மட்டும் நியாயமா?"

நிகழ்தகவைப் பாடமாக நடத்துகிறவர் கேட்ட கேள்வி இது. கரும்பலகையில் அழியாமல் கிடந்ததும் அவர் கையால் எழுதிய நிகழ்தகவுச் சூத்திரம்தான். அதை எழுதியவருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கும் அறிமுகமே இல்லை போலிருந்தது.

நான் சொன்னேன். மறுபடி போடுகிறவருக்குக் கிடைப்பது இரண்டாவது தாள் இல்லை. முதல் தடவை அவருக்குத் தாளே கிடைக்கவில்லை. ஆறு விழுந்த எறிதலால் ஐந்து தாளில் எதற்கும் லாபமில்லை, நட்டமுமில்லை. அடுத்த எறிதலில் ஐந்தும் பழையபடி சமமாகவே நிற்கும். முதல் எறிதலிலேயே மூன்று விழ ஆறில் ஒன்று. ஆறு விழுந்து, பிறகு மூன்று விழ முப்பத்தாறில் ஒன்று. இரண்டு ஆறு விழுந்து, பிறகு மூன்று விழ இருநூற்றுப் பதினாறில் ஒன்று. இப்படியே முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் ஐந்தில் ஒன்று வரும். மூன்றுக்குச் சொன்னதேதான் ஒன்றுக்கும், ஐந்துக்கும், எல்லாவற்றுக்கும்.

"முடிவில்லாமக் கூட்டணுமாம்ல," என்றது பின்வரிசை. "அதுக்குள்ள பரீச்சையே முடிஞ்சிரும் சார்!"

"ஆறாவே விழுந்துக்கிட்டு இருந்தா என்னம்மா செய்யிறது? சாயங்காலம் வரைக்கும் போடுவியா?" என்றார் துறைத் தலைவர்.

"ஆளுக்குச் சராசரியா ஒண்ணே கால் தடவைகூட ஆகாது சார். முப்பது பேருக்கும் சேத்து ஆறு தடவை கூடப் போடுற மாதிரி இருக்கும். ரெண்டு நிமிசம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வருகைப் பதிவேட்டை மூடினார்.

"பிள்ளையார் விசயத்துல ரொம்பப் பேசக்கூடாது. உக்காரு."

"பிள்ளையாரு பங்காளி இல்ல சார். அஞ்சு பேருக்குப் பிரிச்சு மிஞ்சுனத வெளியில இருக்க சாமிக்குக் குடுத்தா அது நியாயம். நீங்க அஞ்சு பேர்ல மொத ஆளுக்கே குடுக்குறீக."

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார். "வீட்டுல மொத மொதப் படிக்க வந்தா இப்பிடித்தான். எல்லாத்தையும் புதுசா கண்டுபிடிப்பாக."

அந்தச் சொல்லுக்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. என் அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஐந்து பேருக்குக் குழம்பு ஊற்றச் சொன்னால் மிஞ்சிய அகப்பையை முதல் தட்டிலேயே ஊற்றிவிட்டு நியாயம் பேச மாட்டார்கள்.

இவ்வளவு பேசியதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மூன்று ஆண்டு மொத்தத்தில் முதலிடம் பெறும் ஒருவருக்கு அதே கல்லூரியில் முதுநிலைப் படிப்பில் கட்டணமில்லாத இடம் ஒன்று இருந்தது. அதுவரை கூட்டிப் பார்த்ததில் எனக்கும் வங்கி மேலாளர் மகள் ஒருத்திக்கும் ஒரே மதிப்பெண். செய்முறைத் தேர்வுதான் மிச்சம். ஒன்றாம் தாள் ஒவ்வோர் ஆண்டும் எளிதாகவே வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்: ஓர் அலைவெண் பட்டியல், அதற்குச் சராசரி, திட்ட விலக்கம். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். ஐந்தாம் தாளில் பதினைந்து சோடி எண்கள், ஒட்டுறவுக் கெழு, இரண்டு தொடர்புப் போக்குக் கோடுகள், வரைபடம். மூன்று மணி நேரமும் போதாது. எளிய தாளுக்கு இரட்டை வாய்ப்பு என்றால் என் மூன்று ஆண்டுகளையும் ஒரு லூடோ பெட்டியின் அறியாமையில் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அது அவளுக்கு உதவுமா எனக்கு உதவுமா என்பது யாருக்கும் தெரியாதுதான். ஆனால் தப்பு என்பது மட்டும் தெரியும்.

தேர்வு நாளில் ஆய்வகத்து வாசலில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் பகடையை ஒரு எவர்சில்வர் டம்ளரில் வைத்திருந்தார்கள். ஆய்வக உதவியாளர் அண்ணன் பக்கத்தில் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார். துறைத் தலைவர் நாற்காலியில். வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

வங்கி மேலாளர் மகள் எனக்கு நாலு பேர் முன்னால். டம்ளரைக் குலுக்கிக் கவிழ்த்தாள். ஆறு.

"பிள்ளையாரு!" என்று வரிசை கத்தியது. அவள் ஒன்றாம் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது என்னைப் பார்த்தாள். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. விதியை எழுதியவள் அவளல்ல.

என் முறை வந்தது. நான் கவிழ்த்தேன். ஆறு.

வரிசை முழுதும் குதித்தது. என் பின்னால் நின்ற தோழி தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏடி, ஒன்னய மாதிரி அதிஷ்டம் யாருக்குடி? இப்பப் பேசு பாப்போம் ஒங்கணக்க!"

துறைத் தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு புன்னகை செய்தார். ஒன்றாம் தாளை அவரே எடுத்து நீட்டினார். "என்னம்மா, பிள்ளையாரு ஒனக்கும் குடுக்குறாரே. வாங்கிக்கிறியா, இல்ல முடிவில்லாமக் கூட்டுறியா?"

வாங்கியிருந்தால் நானும் அவளும் ஒரே தாளை எழுதியிருப்போம். சமமான போட்டி. ஆனால் அந்தப் புன்னகையும் வந்து சேரும். ஒரு வாரம் முன்பு நான் பேசியது கணக்கல்ல, பயம் என்று அது வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்.

"மறுபடி போடுறேன் சார்."

"அது ரூல்ஸ்ல இல்ல."

"ஆறுங்கிற தாளும்தான் சார் இல்ல."

உள்ளேயிருந்து வெளித் தேர்வாளர் எட்டிப் பார்த்தார். விவரத்தைக் கேட்டார். "அந்தப் பிள்ள சொல்றது சரிதான சார்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "போடட்டும் விடுங்க, நேரமாகுது," என்று உள்ளே போய்விட்டார். சரி என்று தெரிந்தும் காபியைவிடப் பெரிதாக நினைக்காத மனிதர். துறைத் தலைவராவது தெரியாமல் செய்தார்.

போட்டேன். மறுபடி ஆறு.

ஆய்வக உதவியாளர் அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "பிள்ளையாரு விட மாட்டேங்கிறாரு தாயி!" துறைத் தலைவருக்குக் கண்ணில் நீர் வருமளவு சிரிப்பு. இரண்டு ஆறு தொடர்ந்து விழுவது முப்பத்தாறில் ஒரு தடவை நடப்பது. அதில் தெய்வமும் இல்லை, அதிசயமும் இல்லை. பகடைக்கு முன்பு விழுந்தது நினைவிருக்காது. அதைக் கேட்க அங்கே ஆள் இல்லாததால் டம்ளரை மூன்றாம் முறை கவிழ்த்தேன்.

ஐந்து.

கடைசியாக வரைபடத்தில் இரண்டாவது கோட்டை வரைந்துகொண்டிருக்கும்போது மணி அடித்தது. முடிவுகள் வந்தபோது அவள் என்னைவிட மூன்று மதிப்பெண் கூட. கட்டணமில்லாத இடம் அவளுக்குப் போனது. நான் தேவகோட்டைச் சாலையில் ஒரு டியூஷன் சென்டரில் காலையும் மாலையும் பாடம் எடுத்துக்கொண்டு, வேறு கல்லூரியில் முதுநிலையைக் கட்டணம் கட்டிப் படித்தேன். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சும்மா வந்தத எதுக்குத்தா வேணாம்ன?" அவளுக்கு விளக்கினேன். ஐந்து தட்டு, ஓர் அகப்பை. அவள் ஒரே நிமிடத்தில் புரிந்துகொண்டாள். புரிந்த பிறகும் திட்டினாள். அது வேறு விஷயம்.

நியாயமான எறிதல் எனக்கு நல்ல தாளைத் தரும் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. ஐந்துக்கும் சமமாகத் தரும் என்றுதான் சொன்னேன். தந்தது.

போன மாதம் காரைக்குடி புதிய பேருந்து நிலையத்தில் ஆய்வக உதவியாளர் அண்ணனைப் பார்த்தேன். கையில் காய்கறிப் பை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தாயி, ஒன்னயத்தான் நெனச்சேன். நீ அன்னைக்குச் சண்ட போட்டுட்டுப் போனீல்ல? அடுத்த வருசமே டிப்பார்ட்மென்ட்டுல மாத்திப்புட்டாக."

என்னையறியாமல் என் கைப்பையைக் கீழே வைத்தேன். "மறுபடி போடச் சொல்றாகளாண்ணே?"

"அதெல்லாம் எதுக்கு? ஆறு விழுந்தாத்தான பிரச்சன? ஆறு மேல வெள்ள ஸ்டிக்கர ஒட்டி, சிவப்பு மையில ஒரே ஒரு புள்ளி வச்சிட்டாக. சாரே ஒக்காந்து ஒட்டுனாரு. இப்ப ஆறே விழுகாது. ஒரு பய வாயத் தொறக்குறதில்ல."

"அப்ப அந்த டைஸ்ல ஒண்ணு எத்தனண்ணே இருக்கு?"

அவர் விரலை மடக்கி எண்ணினார்.

"ரெண்டு," என்றார். "ஏன் தாயி?"