குரல் முடிந்த பிறகும் அசைந்த வாய்

எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. பெரியபாளையத்தில் மகளுக்குக் காது குத்தியபோது, புதுவாயலில் என்னோடு வீடியோ கடை நடத்திய கூட்டாளிதான் தாய்மாமனாக அவளை மடியில் வைத்துக்கொண்டான். அக்கா, அக்கா என்று உருகுவான்.

கல்யாண வீடியோவில் செத்துப்போன அப்பாவின் முகம் வேண்டுமென்று சிலர் கேட்பார்கள். அந்த வேலையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் வீடியோவைத் தனித்தனிப் படங்களாகப் பிரிக்க வேண்டும். படங்களில் முகத்தை மாற்றிவிட்டு, திரும்பக் கோத்து, பழைய வீடியோவின் ஒலியை அப்படியே சேர்க்க வேண்டும். கோக்கும்போது நொடிக்கு எத்தனை படம் என்று நாம் சொல்லாவிட்டால் அது தானாக இருபத்தைந்து என்று வைத்துக்கொள்ளும். போன் வீடியோ பெரும்பாலும் முப்பது. படம் நீண்டுவிடும், ஒலி நீளாது. எத்தனை தடவை சொன்னாலும் அவன் மண்டையில் ஏறாது.

போன மாதம் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் என் கணவர் தலைமையில் கான்ட்ராக்ட் ஆட்கள் வேலை நிரந்தரம் கேட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நான்காம் நாள் எல்லார் போனிலும் ஒரு வீடியோ. கையில் கிளாஸோடு என் கணவர், "பசங்கள நான் வேலைக்கு உள்ள அனுப்பிடறேன் சார், என்னெ மட்டும் பாத்துக்கோங்க" என்று கிசுகிசுக்கிறார். கூட உட்கார்ந்தவர்களே அவர் முகத்தில் காறித் துப்பாத குறை.

"நானில்லடி. நீயாச்சும் நம்புறியா?" என்றார். குரல் உடைந்திருந்தது.

நான் வீடியோவை மறுபடி ஓடவிட்டேன். ஆரம்பத்தில் ஒத்துப்போன உதடு போகப்போகப் பின்தங்கியது. கடைசியில் பேச்சு முடிந்துவிட்டது, வாய் மட்டும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. கடையில் எத்தனையோ தடவை அவன் செய்த இதே பிழையைத் திருத்தியிருக்கிறேன்.

கடவுளே, அவனாக இருக்கக் கூடாது என்றுதான் அந்த வீடியோவைப் படங்களாகப் பிரித்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். கிளாஸ் வாயை மறைத்த இடத்தில் ஒரே ஒரு படத்தில் முகம் மாறாமல் விட்டுப்போயிருந்தது. கிளாஸுக்கு மேலே அவனுடைய கண்கள். தானே நடித்து, குரல் தெரியாமலிருக்கக் கிசுகிசுத்து, என் புருஷன் முகத்தை ஒட்டியிருக்கிறான்.

அந்தப் படத்தைப் போராட்டக்காரர்களின் குரூப்பில் போட்டேன். அவர் தப்பித்தார். கம்பெனி விழா வீடியோ வேலையெல்லாம் தருவதாகக் கான்ட்ராக்டர் அவனுக்கு ஆசை காட்டியிருந்தாராம். இதற்காகவா? பாவி, கேட்டிருந்தால் கடையையே எழுதிக் கொடுத்திருப்பேனே.

போன் போட்டேன். அவனுக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை.

"அக்கா, நாஷ்டா ஆச்சா? பாப்பா இன்னா பண்ணுது?"

"பேச்சு முடிஞ்சப்புறமும் வாய் அசையுதுடா. நொடிக்கு எத்தினி படம்னு போடச் சொல்லி எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன்?"

கடையில் எப்போதும் சொல்கிற அதே குரலில் சொன்னான்:

"மறந்துட்டேங்கா."