தராசு தேர்ந்தெடுத்த கட்டில்கள்

பெரிய ஆஸ்பத்திரியின் கொள்முதல் பிரிவில் அவருக்குத் தராசு என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார். வீட்டுக்குச் செருப்பு வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்பார். மூன்றாவது கடைக்காரன் வாய்விட்டுத் திட்டிய பிறகே முதல் கடைக்குத் திரும்புவார். அவர் எழுதிய ஒப்பந்தப்புள்ளி மதிப்பீட்டு அறிக்கையை மேலிடம் ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பெருமை ஒன்றே அவருக்குச் சோறும் குழம்பும்.

அந்த வருடம் நோயாளிகளுக்கு இரும்புக் கட்டில்கள் வாங்க டெண்டர் விட்டார்கள். இரட்டை உறை முறை. முதல் உறையில் தொழில்நுட்ப விவரம், இரண்டாவதில் விலை. முதலில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிரிக்க வேண்டும். தேறாதவர்களின் உறை பிரிக்காமலே திரும்பிவிடும்.

நான்கு பேர் போட்டியிட்டார்கள். அதில் ஒருவன் தராசின் சொந்தத் தம்பி. தம்பி கட்டில் பட்டறை வைத்திருந்தான். பேங்க் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறை பிழைக்கும், கிடைக்காவிட்டால் பூட்டு. இதை ஊரே அறியும், தராசும் அறிவார்.

உறவுக்காரர் போட்டியில் இருந்தால் மதிப்பீட்டாளர் எழுதிக்கொடுத்து ஒதுங்கிவிட வேண்டும் என்பது விதி. அந்த உறுதிமொழிப் படிவத்தை நிரப்பும்போதுதான் தராசு புத்திசாலித்தனமாக யோசித்தார். ஒதுங்கினால், வேறொருவர் தம்பிக்குச் சாதகமாக எழுதிவிட்டால், பழி யார் தலையில் விழும்? தன் தலையில். தானே உட்கார்ந்து தம்பியைத் தோற்கடித்தால்? நேர்மைக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆகவே “போட்டியாளர்களில் எனக்கு உறவினர் எவரும் இல்லை” என்று கையெழுத்துப் போட்டார். சாதகம் செய்தால்தானே உறவு!

தம்பியின் முதல் உறையைப் பிரித்தார். மாதிரிக் கட்டில் குழாய்த் தடிமனிலிருந்து சக்கரம்வரை எல்லா நிபந்தனைக்கும் பொருந்தியது. உழைத்துத் தேடினார். கடைசியில் ஆதாரம் அகப்பட்டது. உறவினர் இல்லை என்று அச்சடித்திருந்த படிவத்தில் “இல்லை”யைக் கோடுபோட்டு அடித்து, “என் அண்ணன் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறார்” என்று தம்பி பேனாவால் எழுதியிருந்தான். உண்மையைச் சொல்லிவிட்ட அசடு!

தராசு எழுதினார்: “நிர்ணயிக்கப்பட்ட படிவம் மாற்றப்பட்டுள்ளது. தகுதியற்றது.” என்ன மாற்றம் என்று எழுதவில்லை; சுருக்கமே அறிக்கைக்கு அழகு.

மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். “என்னய்யா, கட்டில் நல்லா இருக்குன்னு நீயே எழுதியிருக்க. படிவம்தானே, ஒரு விளக்கம் கேட்டு வாங்கிட்டா போச்சு?”

“இன்னைக்கு ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் பேனாவோட வருவாங்க சார்.”

“அதுவும் சரிதான்,” என்று அவர் பக்கத்தைப் புரட்டாமலே கையெழுத்திட்டார்.

டெண்டருக்கான வைப்புத்தொகை கட்டாத இன்னொருவரும் கழிக்கப்பட்டார். மீதி இருவரின் விலையைப் பிரித்து, வரியையும் வண்டிக்கூலியையும் சேர்த்து ஒப்பிட்டு, குறைந்த விலை சொன்ன வெள்ளைச்சட்டை வியாபாரிக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தார். வியாபாரிக்குச் சொந்தப் பட்டறை கிடையாது; ஒரு தொழிற்சாலையின் முகவர் கடிதம் இருந்தது. கடிதம் நிர்ணயித்த படிவத்திலேயே இருந்தது.

தம்பியின் விலை உறை அரக்கு கலையாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தம்பி மனைவி அதை எடுத்துக்கொண்டு தராசு வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

“மாமா, பிரிச்சாவது பாருங்க. அந்த ஆளு சொன்ன விலைக்கு இது எவ்வளவு கம்மின்னு.”

“தேறாதவங்க விலையைப் பாக்கறது தப்பும்மா.”

“அப்ப நீங்க எதைத்தான் பாத்தீங்க?”

“உள்ள வந்து ஒரு காப்பி குடிச்சிட்டுப் போ.”

“உங்க வீட்டுக் காப்பிக்கும் டெண்டர் போட்டிருப்பீங்க. வேண்டாம்!” என்று போய்விட்டாள்.

பட்டறைக்கு பேங்க் பூட்டுப் போட்டது. அதற்கு முன்பே, மழைக்காலத்தில் அடிமாட்டு விலைக்குத் தம்பி தன் கட்டில்களை விற்றுவிட்டிருந்தான். யார் வாங்கினார்கள் என்று தராசு விசாரிக்கவில்லை.

சரக்கு வந்திறங்கிய நாளில் தரம் பார்க்கத் தராசுதான் போனார். கட்டிலை ஆட்டினார், அசையவில்லை. கைப்பிடியைச் சுழற்றினார், தலைப்பக்கம் வெண்ணெயாய் எழுந்தது. வியாபாரி கொடுத்த மாதிரியைவிட ஒருபடி மேல்.

“அருமையான வேலைய்யா! யார் செஞ்சது?”

“தொழிற்சாலைக்காரன் கைய விரிச்சிட்டான் சார். இந்த ஃபிட்டரோட பட்டறைச் சரக்கையே வாங்கிட்டேன், ஆளையும் வேலைக்கு வச்சுக்கிட்டேன்,” என்று வெள்ளைச்சட்டை பெருமையோடு கட்டிலுக்கடியில் கை காட்டினார்.

அங்கிருந்து தம்பி எழுந்து வந்தான், கையெல்லாம் எண்ணெய்.

“தேறிடுச்சா சார்?” என்று கேட்டான். “கையெழுத்துப் போட்டுக் குடுங்க, வண்டி நிக்குது.”

தராசு போட்டுக்கொடுத்தார். வேலையிடத்தில் உறவுமுறை சொல்லிக் கூப்பிடாத ஒழுங்கு தம்பிக்கு ஒருவழியாக வந்துவிட்டதே என்று அவருக்கு உள்ளூர ரொம்பத் திருப்தி.