கட்டில் எந்த ஊர்ச் சொல்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கவிதை எழுத உட்கார்ந்தால் பாதியில் எழுந்து செங்கம் ரோட்டில் நடந்துவிட்டு வருவேன். அப்படிப்பட்டவளை வாரத்தில் நான்கு மாலை ஒரே அறையில் நிற்க வைத்தது அரசுத் தேர்வுக்குத் தயார் செய்யும் ஒரு வகுப்பு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், லாட்ஜுக்கு மேலே, தகரக் கூரை போட்ட மாடி. நான் தமிழ் எடுத்தேன். வகுப்பை நடத்தியவர் மற்ற எல்லாவற்றையும் எடுத்தார். அவரை எல்லாரும் சார் என்போம். சாருக்குப் பெயர் தேவைப்படவில்லை, குரலே போதும்.

பிறமொழிச் சொற்கள் பாடத்துக்கு அவர் ஒரு சூத்திரம் வைத்திருந்தார். "வீட்டுக்குள்ள இருந்தா போர்ச்சுகீஸ். ஆபீஸ்ல இருந்தா அரபு. கோயில்ல இருந்தா சமஸ்கிருதம். மிச்சம் தமிழ். முடிஞ்சது கதை." பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மனப்பாடம் செய்துவிடுவார்கள். அந்தச் சூத்திரத்தில் பாதிக்கு மேல் உண்மை என்பதுதான் அதன் விஷம். மேசை, அலமாரி, சன்னல், சாவி எல்லாம் கப்பலில் வந்த போர்த்துக்கீசியச் சொற்கள். போர்த்துக்கீசியர்கள் எங்கள் ஊர் மலையைப் பார்த்தார்களோ இல்லையோ, அவர்களுடைய சாவி இன்று எல்லார் இடுப்பிலும் தொங்குகிறது. வசூல், நகல், அசல், ரத்து, வக்கீல் எல்லாம் அரபியில் பிறந்து, நவாபு காலத்துக் கச்சேரிகள் என்ற அரசு அலுவலகங்கள் வழியாக வந்தவை. தீபமும் பிரசாதமும் பிரகாரமும் வடமொழி. ஆனால் தேர் தமிழ். கோயிலே தமிழ். நாற்காலி நான்கு தமிழ்க் கால்களில் நிற்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்த ஊரையே நிறைக்கும் கிரிவலம் பாதி வடமொழி, பாதி தமிழ். கிரி அங்கிருந்து வந்தது, வலம் நம்முடையது. யாரும் நடுவில் நின்று பிரித்துப் பார்ப்பதில்லை. நடக்கிறார்கள்.

அந்த வருஷத் தேர்வில் இந்தப் பாடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. பிறமொழிச் சொல் அல்லாதது எது? வருடம், சாவி, பதில், கட்டில்.

தற்காலிக விடைக்குறிப்பு வெளியானபோது சரியான விடை 'பதில்' என்றிருந்தது.

மறுநாள் வகுப்பு தொடங்கும் முன்பே என் மாணவி ஒருத்தி வந்துவிட்டாள். முப்பது தாண்டியவள், இரண்டு பிள்ளைகள், கணவருக்குத் தேரடிப் பக்கம் செருப்புக் கடை. கறுப்பு புர்காவின் ஓரத்தில் மாடிப்படியின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"நான் கட்டில்னு போட்டேன் மேடம்."

"சரியாத்தான் போட்டிருக்கே."

"அவங்க தப்புங்கறாங்களே."

அவள் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியும். வீட்டில் இந்த ஒரு தடவைக்குத்தான் சம்மதித்திருந்தார்கள். அவளுடைய இடஒதுக்கீட்டுப் பிரிவில் எல்லாரும் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்த கட்-ஆஃப் விளிம்புக்கு ஒரே ஒரு மதிப்பெண் வெளியே நின்றுகொண்டிருந்தாள். கட்டில் தமிழானால் அவளுக்கு வேலை. இல்லாவிட்டால் செருப்புக் கடைக் கல்லா.

சார் எட்டிப் பார்த்தார். "கட்டில் வீட்டுச் சாமான்தானம்மா? இங்கிலீஷ்ல காட். வெளியிலேர்ந்து வந்ததுதான். விடுங்க, ஒரு மார்க்குக்கு ஒரு புராணமா?"

"புராணம் இல்ல சார். ஆட்சேபணை. ஒரு வாரம் டயம் குடுத்திருக்காங்க," என்றேன் நான்.

"எழுதுங்க, எழுதுங்க. கவிதையா எழுதிடாதீங்க."

நான் அவளை உட்கார வைத்தேன். கட்டில் தமிழ் என்று காட்டினால் மட்டும் போதாது. அதை மட்டும் காட்டினால் இரண்டு விடையும் சரி என்று அறிவித்து எல்லாருக்கும் மதிப்பெண் கொடுத்துவிடுவார்கள். பதில் என்று போட்டவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள், அவளோடு சமமாக. விளிம்பில் நிற்பவளுக்கு அது போதுமா என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் பதில் தமிழில்லை என்பதையும் நிறுவ வேண்டும்.

கட்டில் எளிது. தமிழ்ச் சொல் தனியாக நிற்காது, குடும்பத்தோடு நிற்கும். கட்டு என்ற வினை இருக்கிறது. கட்டியதால் கட்டில். தூண்டுவது தூண்டில் ஆனது போல. அரசுகட்டில் ஏறினான் என்று எழுதியவர்கள் காலத்தில் இந்தக் கடலில் வெள்ளைக்காரக் கப்பல் கிடையாது. மலையாளத்திலும் அதே கட்டில். ஆங்கிலக் காட் இந்தியிலிருந்து போனது, இந்திக்கு வடமொழி 'கட்வா'விலிருந்து வந்தது. அந்தக் கட்வாவே தெற்கிலிருந்து போனதுதான் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. ஆக, சார் காதில் விழுந்த ஒலி உறவு பொய்யில்லை. போன திசைதான் வேறு.

"அப்ப இங்கிலீஷ்காரன் நம்ம கிட்டயிருந்துதான் கட்டில் கத்துக்கிட்டான்னே எழுதிடுங்களேன்," என்றார் சார், உற்சாகமாகி. "கெத்தா இருக்கும்."

"அது முடிவாகாத விஷயம் சார். அதை எழுதினா அதைப் பிடிச்சு மொத்தத்தையும் தள்ளிடுவாங்க. கட்டுங்கிற வினை போதும்."

பதில்தான் கல்லாக நின்றது. கிரந்த எழுத்து இல்லை. ப என்ற எழுத்து தமிழில் சொல்லுக்கு முதலில் வரும், ல் கடைசியில் வரும். மெய் மயக்கம் எதுவும் உறுத்தவில்லை. வருடமாவது தன் 'வருஷ'த்தை முழுதாக மறைக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறது. பதில் உடை மாற்றி, ஊர் மாறி, குரல் மாறாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆம், குரல். வாய்விட்டுச் சொன்னால் உதடு அதிர்கிறது. பத்து, பல், படி என்று சொல்லும்போது வராத அதிர்வு. தமிழ் வல்லினம் சொல்லுக்கு முதலில் அப்படி அதிராது. ஆனால் குண்டு என்ற தமிழ்ச் சொல்லையும் நாம் அதிர்த்துத்தான் சொல்கிறோம். உதட்டை மட்டும் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

"நீ ஏன் பதிலைப் போடலை?" என்று கேட்டேன். "எல்லாரும் அதைத்தான போட்டிருக்காங்க."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "எங்க மாமா ஹஜ் போகணும்னு ரொம்ப ஆசைப்பட்டாங்க மேடம். போகாமலே மௌத்தாயிட்டாங்க. அவங்க தம்பி ஏற்கனவே ஒரு தடவை போயிட்டு வந்தவங்க. அப்படிப்பட்டவங்க போனாத்தான் செல்லும். அந்தத் தம்பிதான் எங்க மாமா பேருல போயிட்டு வந்தாங்க. அதுக்குப் பேரு பதல் ஹஜ்."

"பதல்."

"அவருக்குப் பதிலா இவருன்னு அர்த்தம். பரிட்சை ஹால்ல அதுதான் ஞாபகம் வந்துச்சு. நம்ம பதிலும் அதுதானேன்னு."

நான் எழுந்து அந்தச் சின்ன அறையில் இரண்டு முறை நடந்தேன். அவருக்குப் பதில் இவர். கேள்விக்குப் பதில். ஒன்றின் இடத்தில் வைக்கும் இன்னொன்று. தமிழ் இரண்டு பொருளையும் அப்படியே வைத்திருக்கிறது, அரபியில் மாற்று என்ற வேர்ப்பொருளும் கெடாமல். அதற்கு முன் நமக்கு விடை இருந்தது, மறுமொழி இருந்தது. பழைய நூல்களில் தேடினால் அவைதான் கிடைக்கும், பதில் கிடைக்காது. பதிலுக்குத் தமிழில் தாய்வினை இல்லை. பதிலி என்று ஒரு பிள்ளை உண்டு, அதுவும் இங்கே வந்த பிறகு பிறந்தது.

"இதெல்லாம் சரி," என்றாள் அவள். "மாமா ஹஜ்ஜை ஆட்சேபணையில எழுத முடியுமா?"

"முடியாது. அகராதி வேணும். பக்கத்தோட."

மறுநாள் பௌர்ணமி. ஆட்டோ எதுவும் ஊருக்குள் விடவில்லை. மாவட்ட நூலகத்துக்கு இருவரும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்தோம். வெறுங்காலில் வந்த ஒரு பெரியவர், "தப்பா போறீங்கம்மா, இந்தப் பக்கம்தான் வலம்," என்றார். "தெரியுங்க, வேலை இருக்கு," என்றேன். அவள் முகத்திரைக்குள் சிரித்தது தோளில் தெரிந்தது.

நூலகத்தில் பல தொகுதிப் பேரகராதி பூட்டிய கண்ணாடிக்குள் இருந்தது. "இதை யாரும் கேக்கறதில்லையே," என்று நூலகர் சலித்துக்கொண்டே திறந்தார். பதில் என்ற பதிவின் பக்கத்தில் அரபு மூலம் அச்சாகியிருந்தது: பதல். கட்டிலுக்குப் பக்கத்தில் எந்த அயல் மூலமும் இல்லை. அவள் அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பிறகு கைபேசியை நேராகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, பக்கங்களைப் படமெடுத்தாள். அகராதியின் முகப்புப் பக்கத்தையும் எடுக்கச் சொன்னேன். எந்த நூல் என்று தெரியாத பக்கம் சான்றாகாது.

ஆட்சேபணையை அவளே எழுதினாள். நான் திருத்தியது ஒன்றுதான். 'ஆகையால் தயவுகூர்ந்து' என்று தொடங்கிய வரியை அடித்தேன்.

"கெஞ்சாத. காட்டு."

"மேடம், எங்க மாமி சொல்றாங்க, அரபு ஓதின பொண்ணு தமிழுக்குச் சண்டை போடுதுன்னு."

"என்ன சொன்னே நீ?"

"ஓதினதாலதான் போட முடியுதுன்னேன். தோசை கருகிடுச்சு, அதுக்குத் திட்டினாங்க."

வாரங்கள் போயின. இறுதி விடைக்குறிப்பு வந்த மதியம் அவள் போன் செய்து ஒரே வார்த்தை சொன்னாள்: "கட்டில்." பிறகு போனை மாமியிடம் கொடுத்துவிட்டாள். மாமி என்னிடம் நான் எந்தத் தெரு, எத்தனை பிள்ளைகள், சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தார். வேலையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. கடைசியில், "புள்ள ராத்திரி தூங்கலைம்மா, இனிமே தூங்கும்," என்றார்.

அன்று மாலை வகுப்பில் வேறொரு முகம் காத்திருந்தது. முன்வரிசையில் உட்காரும் இளைஞன், வேட்டவலம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன். அவன் பதில் என்று போட்டிருந்தான். அவனுக்கும் அது விளிம்பு மதிப்பெண். நேற்று வரை உள்ளே இருந்தவன், இன்று வெளியே.

"சார் சொன்ன சூத்திரத்தை வெச்சுத்தான் மேடம் போட்டேன். கட்டில் வீட்டுச் சாமான், போர்ச்சுகீஸ்னு கழிச்சுட்டேன். மிச்சம் பதில்தான் இருந்துச்சு."

சார் வாசலில் நின்றார். "அது எம்மேல தப்புதான்பா," என்றார்.

"அக்கா ஆட்சேபணை பண்ணாம இருந்தா எனக்கு வந்திருக்கும்." அவன் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்ப்பது போலச் சொன்னான். அது இன்னும் கடினமாக இருந்தது.

"வந்திருக்கும்," என்றேன்.

"அப்ப எனக்குப் போனது நியாயம்கிறீங்க."

ஆறுதலாக நூறு சொல் நாக்கில் வந்தது. வடமொழியிலும், உருதிலும், இனிக்கும் தமிழிலும். எதையும் எடுக்கவில்லை.

"உனக்குக் கஷ்டம். விடை மட்டும் சரி."

அவன் பையைத் தோளில் மாட்டினான். மாடிப்படி வரை போனான். கூப்பிட்டுவிடக் கூடாது என்று பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து, அவன் வழக்கமான இடத்தில் இல்லாமல், சுவரோரம் உட்கார்ந்தான்.

"சூத்திரம் வேணாம் மேடம். ஒவ்வொரு சொல்லா பார்க்கலாம். எனக்கு அடுத்த தேர்வு இருக்கு."

"எந்தச் சொல்லிலேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

"எங்க வீட்ல நெல்லு நல்லா வெளைஞ்சா மகசூல்னு சொல்வோம். அது யாரோடது?"

"முதல்ல வாய்விட்டுச் சொல்லு," என்றேன். "அப்புறம் அதோட சொந்தக்காரங்களைத் தேடுவோம்."