மூன்று கோடு மருந்து

எங்கள் ஜெஞ்சாரோம் ஊரில் பூச்சி மருந்து கலக்குவதில் என்னை மிஞ்ச ஆளே கிடையாது. சும்மா சொன்னேன். நான் வேலை செய்யும் தோட்டத்து அக்காவின் மிளகாய்ச் செடிகளைக் கருக்கியவனே நான்தான்.

முதுகில் மாட்டி அடிக்கும் ஒரு டாங்கி தண்ணீருக்குப் பூச்சி மருந்து முப்பது மில்லி. பழைய அளவு ஜாடியில் ஒரு சின்னக் கோடு பத்து மில்லி. அதே கணக்கில் புது ஜாடியிலும் மூன்று கோடு ஊற்றி அடித்தேன். மூன்றாம் நாள் இலையெல்லாம் கருகிச் சுருண்டது.

"வெயில்தான் அக்கா" என்றேன். அவரும் நம்பி, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினார்.

பக்கத்துத் தோட்டக்காரர் வந்து ஜாடியை எடுத்துப் பார்த்தார். "அண்ணே, இதுல நூறு வரைக்கும் எத்தனை கட்டம்?"

"நாலு."

"அப்போ ஒரு கட்டம் இருபத்தஞ்சு லா! நீங்க ஊத்துனது எழுபத்தஞ்சு."

"பூச்சி செத்துச்சில்ல?" என்று இளித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா ஒரு செடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "வெயிலுன்னு சொன்னியே தம்பி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்புறம் நான் என்ன சொன்னேன் என்றால்...

"தம்பி! மருந்து கலக்கணும், ஜாடிய எடுத்துட்டு வா. கோட்ட நான் எண்ணிக்கிறேன்!"

அக்காதான் கூப்பிடுகிறார். போகிறேன்.